பத்து ஸ்ட்ரோக்கில் காணாமற்போன ஒன்பது மில்லிமீட்டர்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஓடும் பிக்கப் வண்டியின் 5 டன் பாட்டில் ஜாக், கோரிமேட்டைத் தாண்டி மலையடிவாரம் செல்லும் சாலையில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. வெறும் ஜாக்கை அடித்தால் ஒழுங்காக ஏறுகிறது, உர மூட்டை ஏற்றிய வண்டிக்கு அடியில் வைத்தால் கை ஓய்ந்து போகும் அளவுக்கு அடித்தும் மெதுவாகத்தான் ஏறுகிறது என்பது ஓட்டுநர் சொன்ன குறை. ஆயில் ஊற்றிப் பார்த்தும் பயன் இல்லையாம். கூடவே அவர் ஒரு யோசனையும் வைத்திருந்தார்: "அண்ணா, சின்ன பிஸ்டனை லேத்துல கொடுத்துக் கொஞ்சம் பெருசா போட்டுட்டா, நாலு அடியில ஏறிடாதுங்களா?"

குறை ஒன்று, யோசனை வேறொன்று. இரண்டுக்கும் விடை ஒரே கணக்கில் இருந்ததால், ஜாக்கைக் கழற்றுவதற்கு முன்பு அந்தக் கணக்கைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பட்டறைகளில் பெரும்பாலும் ஜாக்கை முதலில் கழற்றிவிட்டு, கிட் வாங்கி எல்லா ரப்பரையும் மாற்றி, மறுபடியும் பூட்டிப் பார்க்கிறார்கள். அது சில நேரம் சரியாகிறது, சில நேரம் ஆவதில்லை. எண்ணெய் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு கழற்றினால் கையை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

வண்டியைத் தாங்கி மேலே எழும் பெரிய பிஸ்டனை ரேம் என்பார்கள். கைப்பிடியோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் சிறிய பிஸ்டனைப் பிளஞ்சர் என்பார்கள். வெர்னியர் வைத்து அளந்ததில் ரேமின் விட்டம் 36 மி.மீ., பிளஞ்சரின் விட்டம் 12 மி.மீ. இருந்தது. விட்டத்தில் மூன்று மடங்கு என்றால் பரப்பில் ஒன்பது மடங்கு. ரேமின் பரப்பு ஏறத்தாழ 10.2 சதுர செ.மீ., பிளஞ்சரின் பரப்பு 1.13 சதுர செ.மீ. கைப்பிடியை முழுவதும் மேலே தூக்கி முழுவதும் கீழே அழுத்தினால் பிளஞ்சர் 18 மி.மீ. நகர்கிறது.

இனி அந்த 18 மி.மீ. என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பிளஞ்சர் கீழே இறங்கும்போது தன் பரப்புக்கும் தான் நகர்ந்த தூரத்துக்கும் உரிய கன அளவு எண்ணெயை, அதாவது ஏறத்தாழ 2 க.செ.மீ. எண்ணெயை, வெளியே தள்ளுகிறது. அந்த எண்ணெய்க்குப் போக ஒரே இடந்தான் உண்டு, அது ரேமின் அடிப்பகுதி. அங்கே பரப்பு ஒன்பது மடங்கு பெரியதாக இருப்பதால், அதே 2 க.செ.மீ. எண்ணெய் ஒன்பதில் ஒரு பங்கு உயரத்துக்குத்தான், அதாவது 2 மி.மீ. உயரத்துக்குத்தான், நிற்க முடியும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றினால் மட்டம் விரல் நக அளவுக்குக்கூட ஏறாமல் நிற்பதில் இருக்கும் காரணமே இதுவும். எனவே ஒரு ஸ்ட்ரோக்குக்கு 2 மி.மீ., பத்து ஸ்ட்ரோக்குக்கு 20 மி.மீ. என்பது இந்த ஜாக்கின் உடம்பிலேயே எழுதப்பட்ட எண். அதைவிடக் கூடுதலாக ஏற அதற்கு வழியே கிடையாது. அதைவிடக் குறைவாக ஏறினால் எண்ணெய் வேறெங்கோ போகிறது என்று பொருள்.

விசை பெருகுவதும் இதே பரப்பு விகிதத்தால்தான். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று பாஸ்கல் எழுதிவைத்தது அவர் இறந்த பிறகு 1663-இல் நூலாக வந்தது. வண்டியின் பின்சக்கரங்களை மட்டும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததில், மூட்டைகளோடு ஏறத்தாழ 1,800 கிலோ காட்டியது. ஒரு பக்கத்தைத் தூக்கும்போது ஜாக்கின் மேல் சுமாராக 900 கிலோ விழும் என்று எடுத்துக்கொண்டேன். அதை 10.2 சதுர செ.மீ. பரப்பு தாங்க வேண்டுமானால் எண்ணெயில் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 88 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும். அதே 88 கிலோ அழுத்தம் பிளஞ்சரின் 1.13 சதுர செ.மீ. பரப்பின் மேல் இருந்தால் அதை எதிர்த்து அழுத்த 100 கிலோ விசை போதும். 900 கிலோவை 100 கிலோ தூக்குகிறது; ஆனால் 900 கிலோ 2 மி.மீ. ஏற, 100 கிலோ 18 மி.மீ. இறங்கியாக வேண்டும். இரண்டின் பெருக்கற்பலனும் 1,800 என்றே வருகிறது. சிறிய பிஸ்டன் குறைவாக நகர்ந்து பெரிய பிஸ்டன் அதே அளவு ஏறுமானால், கொடுத்த வேலையைவிடக் கிடைத்த வேலை கூடிவிடும். எந்தப் பொறியாலும் அது ஆகாது.

பிளஞ்சரைக் கையால் நேரே அழுத்துவதானால் 100 கிலோகூட நமக்கு அதிகம். அதனால்தான் நடுவில் நெம்புகோலாகக் கைப்பிடி வருகிறது. இந்த ஜாக்கில் கைப்பிடியின் ஊன்றுமுனையிலிருந்து, பிளஞ்சரைக் கைப்பிடியோடு இணைக்கும் பின்னுக்கு 25 மி.மீ., கை பிடிக்கும் இடத்துக்கு 450 மி.மீ. இருந்தது. பதினெட்டு மடங்கு என்பதால் கையில் விழுவது 5.6 கிலோ மட்டுமே. அதற்கு ஈடாகக் கை ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் 324 மி.மீ. இறங்க வேண்டியிருக்கிறது. வண்டியை 120 மி.மீ. உயர்த்த 60 ஸ்ட்ரோக் ஆகும். கை கீழ்நோக்கி அழுத்திய தூரத்தை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 19.4 மீட்டர் வருகிறது. சுமையின் பக்கம் 900 கிலோவும் 0.12 மீட்டரும், கையின் பக்கம் 5.6 கிலோவும் 19.4 மீட்டரும், எந்தப் பக்கம் பெருக்கினாலும் 108-ஐ ஒட்டியே விடை நிற்கிறது.

ஓட்டுநரின் யோசனைக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. 12 மி.மீ. பிளஞ்சருக்குப் பதிலாக 16 மி.மீ. போட்டால் பரப்பு விகிதம் ஒன்பதிலிருந்து ஐந்துக்குச் சற்று மேலாகக் குறையும். ஒரு ஸ்ட்ரோக்குக்கு 3.5 மி.மீ.க்கு மேல் ஏறும், 60 ஸ்ட்ரோக் 34 ஆகும். அந்த மட்டில் அவர் எண்ணியது சரிதான். ஆனால் அதே 900 கிலோவுக்குக் கையில் விழுவது 5.6-லிருந்து ஏறத்தாழ 10 கிலோவாக உயரும். ஜாக்கின் மேல் எழுதியிருக்கும் 5 டன் வரை போனால், இப்போது 31 கிலோ விசையோடு முடிவது 55 கிலோவைத் தொடும். சாலையோரம் குந்தியபடி அவ்வளவு அழுத்த எல்லாராலும் ஆகாது. பிளஞ்சரின் பின்னும் காதும் 556 கிலோ விசையைத் தாங்கச் செய்யப்பட்டவை; மாற்றினால் அவற்றின் மேல் 988 கிலோ விழும். துளையைப் பெரிதாகக் கடைந்ததால் மெலிந்துபோன பம்ப் சுவருக்குள் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 490 கிலோவாக அப்படியே இருக்கும். ஸ்ட்ரோக்கை மிச்சப்படுத்துவதற்காகப் பம்பை உடைத்துக்கொள்ளும் வழி இது என்று சொன்னபோது அவர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். "அப்ப குறை வேற இடத்துல இருக்குதுங்க" என்றார், அதுதான் உண்மையும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டும் வைத்த பிறகு சோதனையைத் தொடங்கினோம். முதலில் சுமையில்லாமல் பத்து ஸ்ட்ரோக் அடித்து, பக்கத்தில் எஃகு ஸ்கேலை நிறுத்தி அளந்ததில் சரியாக 20 மி.மீ. ஏறியது. பிறகு அதே ஜாக்கை வண்டிக்கு அடியில் வைத்து, வண்டி முழுவதும் ஜாக்கின் மேல் நின்ற பிறகு பத்து ஸ்ட்ரோக் நிதானமாக அடித்ததில் 11 மி.மீ. மட்டுமே ஏறியது. ஒன்பது மி.மீ. காணவில்லை. எண்ணெய் அழுத்தத்தில் சுருங்கியிருக்கலாமோ என்ற ஐயம் சிலருக்கு வரலாம். ஆனால் 88 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. இங்கே குறைந்திருப்பதோ ஏறத்தாழப் பாதி.

அடித்து முடித்து அப்படியே விட்டுப் பார்த்தபோது ரேம் இருந்த இடத்திலேயே நின்றது. நெடுநேரம் கழித்து அளந்தும் உயரம் மாறவில்லை. இந்த ஒரு கவனிப்பு வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டது. ரேமின் சீல் கசிந்தாலும், இறக்குவதற்குத் திருகும் ரிலீஸ் வால்வு சரியாக உட்காராவிட்டாலும், ரேமுக்குப் போன எண்ணெயைத் திரும்ப விடாமல் தடுக்கும் குண்டு கசிந்தாலும் வண்டி மெல்லத் தாழ்ந்திருக்கும். தாழவில்லை என்பதால் ரேமுக்குள் போய்ச் சேர்ந்த எண்ணெய் பத்திரமாக இருக்கிறது. போய்ச் சேருவதற்கு முன்பே, பிளஞ்சர் அழுத்தும்போதே, ஒரு பங்கு வேறு வழியில் நழுவுகிறது.

பிளஞ்சருக்கு அடியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொட்டியிலிருந்து எண்ணெயை உள்ளே இழுக்கும் வழி. அதன் வாயில் ஓர் எஃகுக் குண்டு உட்கார்ந்திருக்கும், கைப்பிடி மேலே போகும்போது அது எழுந்து எண்ணெயை விடும், கீழே வரும்போது உட்கார்ந்து வழியை அடைக்க வேண்டும். மற்றது ரேமுக்குப் போகும் வழி. அதற்கும் தனிக் குண்டு உண்டு. முதல் குண்டு முழுவதும் அடைக்காவிட்டால், அழுத்திய எண்ணெயில் ஒரு பங்கு தொட்டிக்கே திரும்பிவிடும். சுமையில்லாதபோது அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அந்தச் சிறு இடுக்கு வழியாகச் செல்வது கணக்கில் வராது. 88 கிலோ அழுத்தம் வந்ததும் அதே இடுக்கு வழியாக எண்ணெய் பாய்ந்துவிடும். ஓட்டுநர் சொன்ன குறையும் இதுவேதான்.

இதை உறுதிப்படுத்த இரண்டு வழிகளில் பார்த்தேன். பத்து ஸ்ட்ரோக்கை வேகமாக அடித்தபோது 15 மி.மீ. ஏறியது. கசிவு நேரத்தைப் பொறுத்தது. ஸ்ட்ரோக் எவ்வளவு விரைவாக முடிகிறதோ அவ்வளவு குறைவாக நழுவும். அடுத்து, ரேமைத் தூக்கத் தேவையானதைவிடச் சற்றுக் குறைந்த விசையில் கைப்பிடியை ஒரே சீராக அழுத்திப் பிடித்தேன். நல்ல ஜாக்கில் கைப்பிடி கல்லைப்போல நிற்கும். இதில் ரேம் அசையாமலிருக்கக் கைப்பிடி மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. பம்பில் காற்று நுழைந்திருந்தால் கைப்பிடி கொஞ்சம் இறங்கி நின்று, கையை எடுத்ததும் வில்போல மேலே துள்ளும், இது துள்ளவில்லை. பிளஞ்சரின் ஓ-ரிங் கசிந்திருந்தால் வெளியே எண்ணெய் தெரியும், அங்கே காய்ந்திருந்தது. எஞ்சியது தொட்டி வழியின் குண்டு மட்டுமே.

வண்டியை ஸ்டாண்டில் இறக்கிவிட்டு ஜாக்கைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தோம். எண்ணெயை வடித்தபோது அது மோர்போல வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது. ஏற்காட்டில் பனியும் தூறலும் ஓயாத மாதங்களில் ஜாக் வண்டியின் பின்தட்டில் கிடந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றும் துளையை மூடும் ரப்பர் அடைப்பு விறைத்து வெடித்திருந்தது. மேல் நட்டைத் திருகி, தொட்டிக் குழாயையும் ரேமையும் எடுத்து, பம்பை அடித்தட்டிலிருந்து பிரித்தேன். இந்த ஜாக்கில் இரண்டு குண்டுகளும் வெவ்வேறு அளவு. எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அப்போதே தாளில் வைத்துக் குறித்துக்கொள்வது நல்லது. டீசலில் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்தேன். பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் அதன் ஓர் இழையே அடுத்த கசிவுக்குக் காரணமாகிவிடும்.

தொட்டி வழியின் குண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் துருப் பிடித்துச் சிறு குழி விழுந்திருந்தது. அது உட்காரும் வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முழு வட்டமாக மின்ன வேண்டிய கோடு ஓரிடத்தில் பழுப்பாக அறுந்திருந்தது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் 2 க.செ.மீ.யில் ஏறத்தாழ 0.9 க.செ.மீ. எண்ணெயை இந்த அறுந்த இடந்தான் விட்டிருக்கிறது. வாயைத் துடைத்து, அதே அளவுள்ள ஒரு பேரிங் குண்டை அதில் வைத்து, பித்தளைக் கம்பியை அதன் மேல் நேராக நிறுத்திச் சுத்தியலால் ஒரு முறை அளவாகத் தட்டினேன். கடினமான குண்டு மென்மையான வாயில் தன் வட்டத்தைப் பதித்துவிடும். தட்டப் பயன்பட்ட குண்டைத் திரும்பப் போடாமல் புதுக் குண்டு போட வேண்டும். துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். குண்டுக்கு மறுபக்கம் ஈரம் தெரியவில்லை, வாய் நன்றாக அடைக்கிறது.

கழற்றியாயிற்று என்பதால் ரேமின் சீலையும் மாற்றினேன். இந்தச் சீலைப் போடும் திசை முக்கியம். 1795-இல் இங்கிலாந்தில் பிராமா நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றபோது, பெரிய பிஸ்டனைச் சுற்றி நீர் கசியாமல் தடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அவரிடம் வேலை பார்த்த மாட்ஸ்லே வடிவமைத்ததாகச் சொல்லப்படும் தோல் கிண்ணம் அதைத் தீர்த்தது: உள்ளே அழுத்தம் கூடக் கூடக் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து சுவரை மேலும் இறுக்கிக்கொள்ளும். இன்றைய ரப்பர்ச் சீலும் அதையே செய்கிறது. விளிம்பு எண்ணெயின் பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் அழுத்தம் விளிம்பைச் சுவரிலிருந்து விலக்கிவிடும், புதுச் சீலே ஒழுகும். சுமை மீறினால் திறக்கும் வால்வு ஒன்றும் அடித்தட்டில் இருந்தது. அதன் திருகை நான் தொடவில்லை, யாரும் தொடக்கூடாது.

ஊற்றியது ஹைட்ராலிக் ஆயில் 32. அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றுவோர் உண்டு; அது இந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ரேம் முழுவதும் இறங்கிய நிலையில் ஊற்றுந்துளையின் அடிவிளிம்பு வரை நிரப்பி, ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்தபடி கைப்பிடியைப் பல முறை விரைவாக அடித்தால் பம்புக்குள் சிக்கிய காற்று தொட்டிக்குப் போய்விடும். பிறகு குறைந்த அளவுக்கு மட்டும் எண்ணெய் சேர்த்துப் புது ரப்பர் அடைப்பைப் போட்டேன்.

மறுபடியும் அதே வண்டி, அதே மூட்டைகள். பத்து ஸ்ட்ரோக்குக்கு 19 மி.மீ. ஏறியது, நிதானமாக அடித்தாலும் வேகமாக அடித்தாலும் அதேதான். மீதமுள்ள ஒரு மில்லிமீட்டர், குண்டுகள் எழுந்து உட்காரும் இடைவெளியிலும் ரப்பர் நெளிவதிலும் எண்ணெய் சிறிது சுருங்குவதிலும் போகிறது. அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. கைப்பிடியின் முனையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்தபோது 7.5 கிலோவில் ரேம் நகர்ந்தது. கணக்குச் சொன்னது 5.6, இடையில் உள்ளது சீலும் பின்னும் உராய்வதற்கான செலவு. தூரத்தில் நட்டம் அதிகமானால் கசிவையும், விசையில் நட்டம் அதிகமானால் உராய்வையும் தேட வேண்டும் என்று பிரித்துக்கொள்ளலாம். மலைச் சாலையின் சரிவில் ஜாக்கைச் சாய்வாக வைத்துத் தூக்கினால் ரேம் பக்கவாட்டில் உரசி இந்த இரண்டாவது நட்டம் கூடும். நாளடைவில் ரேமில் கோடு விழுந்து முதலாவதும் சேர்ந்துகொள்ளும்.

ஓட்டுநர் இனி அடிக்கடி தாமே பத்து ஸ்ட்ரோக் அடித்து அளந்து பார்ப்பதாகச் சொல்லி, அடையாளத்துக்கு ரேமிலேயே 20 மி.மீ.க்கு ஒரு கோடு கீறித் தரச் சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை. ரேமின் மேல் விழும் எந்தக் கீறலும் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலின் விளிம்பை அறுக்கும். அதற்குப் பதிலாக, 20 மி.மீ. உயரத்துக்கு ஒரு தகரத் துண்டை வெட்டி, ஜாக்கின் அருகே நிறுத்தி ஒப்பிடும்படி கைப்பிடியோடு கம்பியில் கட்டிக் கொடுத்தேன்.